லாபியில் விருந்தினர் சுருண்டு விழுந்தால்: ரிசப்ஷன் மேனேஜர் அறிக்கை எழுதும் முறை

குற்றால சீசனில், ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை, செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து லாட்ஜ்களில் விடிகாலையிலேயே லாபி நிரம்பிவிடும். கொல்லம், புனலூர்ப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பும் நேரம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டால் அடுத்த பதினைந்து நிமிடம் என்ன நடந்தது என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டியவர் ரிசப்ஷன் மேனேஜர். அந்த அறிக்கையை மருத்துவமனையும் குடும்பமும் கேட்கலாம். உயிர் போயிருந்தால் காவல் நிலையமும் கேட்கும்.

பல விடுதிகளில் இந்த அறிக்கை இப்படித்தான் இருக்கிறது: “விருந்தினர் மயங்கி விழுந்தார். உடனே முதலுதவி செய்தோம். உடனடியாக 108-க்குத் தகவல் கொடுத்தோம். சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.” இதில் பொய் எதுவும் இல்லை, உபயோகமும் இல்லை. “உடனே” என்பது பத்து விநாடியா மூன்று நிமிடமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். அதனால் அறிக்கையின் முதுகெலும்பு நேரம்தான். விழுந்தது எப்போது, 108-ஐ அழைத்தது எப்போது, நெஞ்சை அழுத்தத் தொடங்கியது எப்போது, ஆம்புலன்ஸ் ஊழியர் கைக்கு வந்தது எப்போது? இந்த நான்கு நேரமும் சரியாக இருந்தால் மற்றவை தானாக அதைச் சுற்றி அமைந்துகொள்ளும்.

செங்கோட்டை–புளியரை சாலையில் ஒரு நடுத்தர விடுதி என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி நிகழ்வை முழுவதும் எழுதிப் பார்ப்போம். அறை 204. வயது 58. மனைவி, மகன், வாடகைக் கார் டிரைவர் ஆகியோருடன் ஐந்தருவியில் குளித்துவிட்டுக் காலையில் திரும்புகிறார். சாவி வாங்க கவுண்டர் பக்கம் வந்தவர் விழுகிறார்.

முதலில் கடிகாரங்களைச் சரிபாருங்கள்

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, லாபியைத் துடைக்கச் சொல்வதற்கும் முன்னால், சி.சி.டி.வி.யின் டி.வி.ஆர். திரையில் நேரடிக் காட்சியைத் திறந்து, அதன் பக்கத்தில் உங்கள் செல்போனைப் பிடியுங்கள். செல்போனில் தானியங்கி நேரம் இயக்கத்தில் இருக்க வேண்டும். விநாடியும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் விழுமாறு இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டி.வி.ஆர். கடிகாரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதற்கு இந்த ஒரு படமே சாட்சி.

டி.வி.ஆர். கடிகாரம் சரியாக ஓடும் விடுதி அபூர்வம். இணைய இணைப்பு இல்லாத பெட்டியில் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தளர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போது தேதியே மாறிப்போகும். விலகலைப் பார்த்ததும் கடிகாரத்தைத் திருத்திவிடத் தோன்றும். பதிவை நகல் எடுத்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். முன்பே திருத்திவிட்டால், பதிவில் ஒரு நேரம், திரையில் வேறு நேரம் என்று பின்னால் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

நம் மாதிரி நிகழ்வில் டி.வி.ஆர். 3 நிமிடம் 20 விநாடி முந்தி ஓடுகிறது. பதிவில் விருந்தினர் விழும் காட்சி 06:45:50. அதிலிருந்து 3:20-ஐக் கழித்தால் உண்மையான நேரம் 06:42:30. ரிசப்ஷனில் இருந்தவர் போனைக் காதில் வைப்பது பதிவில் 06:46:50, கழித்தால் 06:43:30. அவருடைய செல்போன் அழைப்புப் பட்டியலில் 108-க்குப் போன அழைப்பு 06:43 என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதால் கணக்கு சரி. ஒத்துப்போகவில்லை என்றால், தவறு எதில் என்று கண்டுபிடிக்காமல் மேலே எழுதாதீர்கள். விடுதியின் தரைவழி போனில் அழைத்திருந்தால் செல்போன் பட்டியல் இருக்காது. எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் அழைப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நினைவை நம்பி நேரம் எழுதக் கூடாது என்பதற்கும் இதே நிகழ்வு போதும். “ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆச்சு சார்” என்பார் செக்யூரிட்டி. “விழுந்த உடனேயே நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சிட்டோம்” என்பார் ரூம் பாய். பதிவில் ஆம்புலன்ஸ் அழைப்புக்கு 12 நிமிடம் 40 விநாடி கழித்து வந்திருக்கிறது. அழுத்தத் தொடங்கியது விழுந்து 2 நிமிடம் 20 விநாடி கழித்து. இருவரும் பொய் சொல்லவில்லை. பதற்றத்தில் காத்திருக்கும் நேரம் நீளும், வேலை செய்த நேரம் சுருங்கும்.

பதிவைப் பத்திரப்படுத்துவது

டி.வி.ஆர். நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும். கேமரா எண்ணிக்கையையும் வட்டின் அளவையும் பொறுத்து அது சில வாரத்திலோ சில நாளிலோ நடந்துவிடும். அதனால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். லாபி, கவுண்டர், போர்டிகோ என மூன்று கேமராவிலும், விழுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிய பின் கால் மணி நேரம் வரை எடுங்கள். நடந்து உள்ளே வந்தது எப்படி, நெஞ்சைப் பிடித்தாரா, எதையாவது பற்றிக்கொண்டு நின்றாரா என்பதெல்லாம் அந்த முந்தைய அரை மணியில்தான் இருக்கும்.

இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தேதியோடு கையெழுத்திட்டு லாக்கரில் வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். எந்தப் பெட்டி, அதன் வரிசை எண், நகல் எடுத்தவர் யார், எந்த நேரம் என்று அன்றே குறித்து வைத்தால் பின்னால் அந்தச் சான்றிதழ் எழுதுவது எளிது. ஊழியர்கள் திரையைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. ஒரு குடும்பத்தின் மிக மோசமான நிமிடம் ஊர்க் குழுக்களில் சுற்றுவதை யாரும் தாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பார்த்ததை எழுதுங்கள், நோயின் பெயரை எழுதாதீர்கள்

“மாரடைப்பு ஏற்பட்டது”, “வலிப்பு வந்தது”, “லோ பிரஷர்”, “குடித்திருந்தார்” என்ற நான்கும் ரிசப்ஷன் அறிக்கையில் வரவே கூடாது. நோயை முடிவு செய்வது மருத்துவர் வேலை. நீங்கள் தவறான பெயரை எழுதிவிட்டால் அதுவே காப்பீட்டிலும் விசாரணையிலும் குடும்பத்துக்கு எதிராக நிற்கும். கண்ணால் பார்த்ததை எழுதினால் மருத்துவருக்கே அது பயன்படும்.

இதில் அதிகம் தவறு நடக்கும் இடம் மூச்சு. இதயம் நின்ற ஒருவர் முதல் சில நிமிடம் வாயைத் திறந்து, குறட்டை போலவோ விக்கல் போலவோ விட்டு விட்டுக் காற்றை இழுப்பது உண்டு. கைகால் சில விநாடி வெட்டி இழுக்கவும் செய்யும். பார்ப்பவர்களுக்கு அது மூச்சாகவும் வலிப்பாகவும் தெரியும். உடனே யாராவது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இன்னொருவர் சோடா உடைப்பார். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது நெஞ்சழுத்தம் செய்திருக்க வேண்டிய நிமிடம். தட்டிக் கூப்பிட்டும் அசைவு இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ மாத்திரையோ எதுவும் போகக் கூடாது.

அறிக்கையில் “மூச்சு இருந்தது” என்று எழுதினால், “அப்படியானால் ஏன் நெஞ்சை அழுத்தினீர்கள்?” என்ற கேள்வி வரும். “மூச்சு இல்லை” என்று எழுதினால் பதிவில் வாய் அசைவது தெரியும். சரியான வாக்கியம் இது: “வாய் திறந்து குறட்டை போன்ற ஒலியுடன் 4 முறை காற்றை இழுத்தார், இடையில் நெஞ்சு எழும்பவில்லை. தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தபோது அசைவு இல்லை.”

வழுக்கினாரா, சுருண்டாரா

ஈரத்தோடு வருபவர்கள் நடக்கும் லாபியில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். தரையில் தண்ணீர் இருந்து வழுக்கி விழுந்தார் என்றால் பொறுப்பு விடுதி மேல் வரும். அதனால் சில மேனேஜர்கள் தரை ஈரத்தைப் பற்றி எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பதிவில் எல்லாம் தெரியும் என்பதால் அது வீண் வேலை, நேர்மையும் இல்லை. தரை ஈரமாக இருந்தால் ஈரமாக இருந்தது என்றே எழுதுங்கள். கடைசியாகத் துடைத்த நேரம், எச்சரிக்கைப் பலகை இருந்த இடம், மிதியடி விரித்திருந்ததா என்பதையும் சேருங்கள்.

அதன் பிறகு விழுந்த விதம். வழுக்குபவரின் பாதம் தரையில் சறுக்கி முன்னால் போகும். கைகள் விரிந்து எதையாவது பிடிக்கத் தேடும். நினைவு தவறி விழுபவருக்கு முதலில் முழங்கால் மடியும், கை தடுக்க வராது, உடல் நின்ற இடத்திலேயே சரியும். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, தெரிவதை மட்டும் எழுதுங்கள்: “6 விநாடி வலது கையால் கவுண்டர் விளிம்பைப் பிடித்து நின்றார். இரு முழங்காலும் மடிந்தன. பாதம் சறுக்கியதாகப் பதிவில் தெரியவில்லை. இடது நெற்றி தரையில் பட்டது.” எதனால் விழுந்தார் என்ற முடிவை எழுத வேண்டாம். நெற்றி பட்டதைக் கண்டிப்பாக எழுதுங்கள். தலையில் அடியும் இருக்கலாம் என்பது மருத்துவமனைக்குத் தெரிய வேண்டும்.

சோஃபாவும் எண்ணெயும்

யாராவது விழுந்தால் தூக்கிச் சோஃபாவில் கிடத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மரியாதைக்காகச் செய்வது அது. ஆனால் மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. லாபியின் கிரானைட் தரைதான் நல்ல இடம். நம் நிகழ்வில் மகனும் டிரைவரும் அவரைத் தூக்கிச் சோஃபாவில் போட்டார்கள். 108-இல் பேசியவர் தரையில் கிடத்தச் சொன்ன பிறகுதான் இறக்கினார்கள். தூக்கியதிலிருந்து இறக்கியதுவரை 1 நிமிடம் 40 விநாடி போயிற்று. அறிக்கையில் இதையும் உள்ளபடி எழுத வேண்டும். குடும்பத்தைக் குறை சொல்வது போலத் தோன்றாதபடி “சோஃபாவுக்கு மாற்றப்பட்டார், நேரம் இது, தரைக்கு இறக்கப்பட்டார், நேரம் இது” என்று எழுதினால் போதும்.

அழுத்தத்தின் அளவு: நடு நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடியாமல், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். வாயில் ஊதப் பயிற்சி பெற்றவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இல்லையென்றால் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருப்பது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைத்தவருக்குத் தான் களைத்தது தெரியாது, ஆழம்தான் குறையும்.

இதையெல்லாம் பதிவிலிருந்தே கணக்கிடலாம். 15 விநாடிப் பதிவை ஓட்டி அழுத்தங்களை எண்ணுங்கள். 25 முதல் 30 வரை வந்தால் வேகம் சரி. நம் நிகழ்வில் 33 வருகிறது. நிமிடத்துக்கு 132, வேகம் கூடிவிட்டது. முதல் ஆள் மாறியது 4 நிமிடம் 30 விநாடி கழித்து. இந்த இரண்டும் அடுத்த பயிற்சிக்கு வேண்டிய தகவல்.

எண்ணெய்க் குளியல் இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல். எண்ணெயும் ஈரமும் இருக்கும் நெஞ்சில் அழுத்துபவரின் கை வழுக்கி விலா எலும்பின் பக்கம் போய்விடும். மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியின் ஒட்டுப் பட்டைகளும் ஒட்டாது. காய்ந்த துண்டால் நெஞ்சை அழுத்தித் துடைத்த பிறகே பட்டையை ஒட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியர் உள்ளே வந்ததும் “எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருக்கார்” என்று சொல்லிவிட்டால் அவருக்கு நேரம் மிச்சம். விடுதியில் ஏ.இ.டி. இருந்ததா, இருந்தால் எந்த நேரத்தில் எடுத்து வந்தார்கள் என்பதை எழுத வேண்டும். இல்லையென்றால் “விடுதியில் ஏ.இ.டி. இல்லை” என்று ஒரு வரி. மின்னதிர்ச்சி தேவைப்படும் வகை இதயநிறுத்தத்தில், அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆகவே அந்த வரியை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

எல்லைப் பக்கத்தில் 108 அழைப்பு

தமிழ்நாட்டிலும் 108, கேரளத்திலும் 108. புளியரை, ஆரியங்காவுப் பக்கம் செல்போன் எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ, அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். அதனால் விடுதியின் தரைவழி போன் வேலை செய்தால் அதிலிருந்தே அழைப்பது நல்லது. செல்போன் என்றால் முதல் வாக்கியமே இடம்: “தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், செங்கோட்டை. புளியரை ரோட்டுல லாட்ஜ். ஆள் விழுந்துட்டார், கூப்பிட்டா அசைவு இல்லை, மூச்சு சரியா இல்லை.” பிறகு அடையாளம்: எந்தப் பெட்ரோல் பங்குக்கு எதிரே, செங்கோட்டையிலிருந்து வரும்போது இடப்பக்கமா வலப்பக்கமா. போனை ஸ்பீக்கரில் போட்டு விருந்தினரின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரோட்டுக்குப் போய் நின்று வண்டிக்குக் கை காட்ட வேண்டும். இன்னொருவர் போர்டிகோவில் நிற்கும் சுற்றுலா வேன்களை ஒதுக்க வேண்டும்.

அறிக்கையில் எந்த எண்ணிலிருந்து யார் அழைத்தார், எந்த மாநில அறை எடுத்தது, மாற்றிக் கொடுத்தார்களா, வந்த வண்டியின் பதிவு எண் என்ன என்று குறிக்கவும்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. மலையாளத்தில் “நெஞ்சுவேதனை” என்றால் நெஞ்சுவலி. நம் ஊழியர் அதைக் கேட்டு “மனவேதனையில் இருந்ததாக மனைவி கூறினார்” என்று எழுதிவிட்டால் அர்த்தமே மாறி, விசாரணை தற்கொலை முயற்சிப் பக்கம் திரும்பிவிடும். குடும்பத்தார் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே தமிழ் எழுத்தில் மேற்கோளில் எழுதி, பக்கத்தில் பொருளை எழுதுங்கள். மலையாளம் நன்றாகத் தெரிந்த ஊழியரைக் கூட வைத்துக்கொண்டு, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் நீளமாகக் கேட்கக் கூடாது. என்ன சொன்னார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்ற மூன்றும் போதும். மாத்திரை அட்டைகள் அறையில் இருந்தால் குடும்பத்தாரில் ஒருவரோடு போய் எடுத்து ஆம்புலன்ஸிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாதிரி அறிக்கை

எல்லா நேரமும் திருத்திய உண்மை நேரம். பதிவு நேரத்தை இணைப்புத் தாளில் தனியே கொடுக்க வேண்டும்.

“நிகழ்வு இடம்: லாபி, ரிசப்ஷன் கவுண்டருக்கு 1 மீட்டர் முன்னால். அறை 204-இல் தங்கியிருந்த ஆண், வயது 58 (பதிவேட்டின்படி). டி.வி.ஆர். கடிகாரம் 3 நிமிடம் 20 விநாடி முந்தியிருந்தது. ஒப்பீட்டுப் படம் இணைப்பு 1.

06:41:50 மனைவி, மகன், டிரைவருடன் நடந்து உள்ளே வந்தார். உடை ஈரமாக இருந்தது. வாசலிலிருந்து கவுண்டர் வரை தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. கடைசியாகத் தரை துடைத்தது 06:20. எச்சரிக்கைப் பலகை வாசலில் இருந்தது. கவுண்டர் அருகே இல்லை.

06:42:24 வலது கையால் கவுண்டர் விளிம்பைப் பிடித்தார். 06:42:30 முழங்கால் மடிந்து விழுந்தார். இடது நெற்றி தரையில் பட்டது.

06:42:45 ரிசப்ஷனிஸ்ட் தோளைத் தட்டி அழைத்தார்; அசைவு இல்லை. கைகள் சுமார் 10 விநாடி வெட்டி இழுத்தன. குறட்டை போன்ற ஒலியுடன் 4 முறை வாய் திறந்தது. உடன் இருந்த ஒருவர் கையில் சாவி வைத்தார்.

06:43:00 சோஃபாவுக்கு மாற்றப்பட்டார். 06:43:30 ரிசப்ஷனிஸ்ட் தன் செல்போனில் 108-ஐ அழைத்தார். தமிழ்நாடு அறை எடுத்தது. 06:44:40 அவர்கள் சொன்னபடி தரைக்கு இறக்கப்பட்டார். 06:44:50 ரூம் பாய் நெஞ்சழுத்தம் தொடங்கினார். 06:49:20 செக்யூரிட்டி மாறி அழுத்தினார். அதன்பின் சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினர். விடுதியில் ஏ.இ.டி. இல்லை.

06:56:10 ஆம்புலன்ஸ் போர்டிகோவுக்கு வந்தது. 06:56:50 ஆம்புலன்ஸ் ஊழியர் பொறுப்பேற்றார். எண்ணெய்க் குளியல் பற்றியும் நெற்றி பட்டது பற்றியும் அவரிடம் சொல்லப்பட்டது. 07:11:00 வண்டி தென்காசி நோக்கிக் கிளம்பியது. மகன் உடன் சென்றார்.

மனைவி கூறியது: ‘காறில் வச்சு நெஞ்சுவேதனை எந்நு பறஞ்ஞு’ (காரில் வரும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னார்). மலையாளம் தெரிந்த ஊழியர் முன்னிலையில் எழுதிப் படித்துக் காட்டப்பட்டது.”

இதற்கு மேல் உடல்நிலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. “அவருக்கு நாடித் துடிப்பு இல்லை” என்று எழுதாததைக் கவனியுங்கள். பயிற்சி இல்லாதவர் பதற்றத்தில் நாடி பார்த்தால் தன் விரல் துடிப்பையே உணரக்கூடும்.

சாட்சிகள், பொருட்கள், கையெழுத்து

ஊழியர்களின் வாக்குமூலத்தைத் தனித்தனியாக, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் வாங்குங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் குரல் ஓங்கியவர் சொன்னதே எல்லோருக்கும் நினைவாகிவிடும். பதிவைப் போட்டுக் காட்டுவதும் வாக்குமூலம் வாங்கிய பிறகுதான். பதிவோடு முரண்பட்டால் வாக்குமூலத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள். அப்படியே இருக்கட்டும், அறிக்கையில் இரண்டையும் குறிப்பிடுங்கள். நெஞ்சை அழுத்திய ஊழியருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தால் ஒரு டீ குடிக்க வைத்து, வேலையிலிருந்து விடுவித்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

லாபியில் விழுந்து கிடந்த பொருட்களை இரண்டு பேர் முன்னிலையில் பட்டியலிட வேண்டும். “தங்கச் சங்கிலி” என்று எழுதாமல் “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1” என்று எழுதுங்கள். தங்கமா என்பது உங்களுக்குத் தெரியாது. பணத்தை எத்தனை ரூபாய்த் தாள் எத்தனை என்று எழுதி, குடும்பத்தாரிடம் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். குடும்பம் முழுவதும் மருத்துவமனைக்குப் போய்விட்டால் அறையை இரட்டைப் பூட்டில் போட்டு, யாரும் தனியாக உள்ளே போகவில்லை என்பதை லாக் புக்கில் குறிக்கவும்.

அறிக்கையில் பிழை வந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் நேரமும் போடுங்கள். கவுண்டர் அருகே பலகை வைப்பது, ஏ.இ.டி. வாங்குவது, ஆள் மாறும் பயிற்சி போன்ற யோசனைகளை இந்த அறிக்கையில் கலக்காமல், நிர்வாகத்துக்குத் தனித் தாளில் எழுதுங்கள். நடந்ததும் நடந்திருக்க வேண்டியதும் ஒரே பக்கத்தில் இருந்தால், படிப்பவருக்கு எது சாட்சி, எது கருத்து என்று குழம்பும்.

விருந்தினர் இறந்துவிட்டால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். திடீர் மரணத்தில் சந்தேகம் எழுந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடக்கும். காவலர் கேட்டு வந்தால் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூலம் உங்களிடம் இருக்கட்டும். அவர் வெளிநாட்டவர் என்றால், அவர் தங்கியதைப் பற்றி ஏற்கெனவே அனுப்பியிருக்கும் படிவத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து பிறகு வரும் செய்தியை மூல அறிக்கையில் செருக வேண்டாம். தேதி, நேரம், சொன்னவர் யார் என்று போட்டுப் பின்னிணைப்பாக ஒரு தாள் எழுதி, அதற்கும் கையெழுத்திட்டு அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.